பதில் அனுப்பியாயிற்று, வந்து சேரவில்லை

அமேசான் நிறுவனத்தின் ரெட்ஷிஃப்ட் டேட்டாபேஸ் சேவைக்கான கையேட்டில் ஒரு விசித்திரமான கோளாறைப் பற்றித் தனியாக ஒரு பகுதி உண்டு. ஒருவர் நீண்ட நேரம் எடுக்கும் வேலை ஒன்றை டேட்டாபேஸிடம் கொடுக்கிறார். சேவையின் கண்காணிப்புத் திரையில் பார்த்தால் அந்த வேலை முடிந்துவிட்டதாகக் காட்டுகிறது. வேலையைக் கொடுத்தவரின் திரையிலோ அது இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. எவ்வளவு காத்திருந்தாலும் வரப்போவதும் இல்லை.

ரெட்ஷிஃப்டுக்கு மட்டும் உரிய நோய் அல்ல இது. ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்று எந்த டேட்டாபேஸை வைத்திருக்கும் அலுவலகத்திலும் எட்டிப்பார்ப்பதுதான். "ராத்திரி ஓடவேண்டிய ஜாப் தொங்கிடுச்சு", "சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தா முதல் ஆளுக்கு மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு", "ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடுது" என்றெல்லாம் புகார் வரும். டேட்டாபேஸ் பிரிவு தங்கள் பக்கம் எல்லாம் நலம் என்று சொல்லும். நெட்வொர்க் பிரிவும் அதையே சொல்லும். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

இரண்டு கணினிகளுக்கு இடையே டிசிபி இணைப்பு இருக்கிறது என்றால், அவற்றுக்கு நடுவே ஏதோ ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருப்பதாகத்தான் மனம் கற்பனை செய்துகொள்கிறது. உண்மையில் இருப்பது இரண்டு குறிப்புகள். "இன்னாருடன் பேசிக்கொண்டிருக்கிறேன், இத்தனையாவது பைட் வரை அனுப்பியாயிற்று, இத்தனையாவது பைட் வரை வந்திருக்கிறது" என்று இந்த முனையின் நினைவகத்தில் ஒன்று, அந்த முனையின் நினைவகத்தில் ஒன்று. பேச எதுவும் இல்லாதபோது கம்பியில் ஒரு பாக்கெட் கூடப் போகாது. மணிக்கணக்கில், நாள்கணக்கில் மௌனமாக இருந்தாலும் டிசிபியைப் பொறுத்தவரை அது முழு ஆரோக்கியமான இணைப்புதான். மௌனம் அங்கே பிழை ஆகாது.

ஒரு முனையில் குறிப்பு அழிந்து மறுமுனையில் மட்டும் மிஞ்சினால் அதற்கு அரைத்திறப்பு இணைப்பு என்று பெயர். 1981இல் ஜான் போஸ்டல் தொகுத்த ஆர்.எஃப்.சி. 793 என்ற டிசிபி வரையறை ஆவணத்திலேயே இதற்கு மருந்தும் சொல்லப்பட்டிருக்கிறது. குறிப்பு மிஞ்சியிருக்கும் முனை எதையாவது அனுப்பினால் போதும். மறுமுனை "உன்னை எனக்குத் தெரியாதே" என்ற பொருளில் ரீசெட் பாக்கெட் ஒன்றைத் திருப்பி அனுப்பும், கதை முடிந்தது. நடுவில் யாரும் இல்லாதவரை அருமையான ஏற்பாடு. நடுவில் ஃபயர்வால் வந்தது.

ஃபயர்வாலை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேனாக நினைத்துக்கொள்ளலாம். உள்ளே போகிறவரின் பெயரை வாசலில் நோட்டில் எழுதிக்கொள்கிறார். அதற்குப்பின் அவர் தொடர்பாக வந்துபோகிற ஒவ்வொரு பொருளையும் நோட்டைப் பார்த்துத்தான் விடுகிறார். நோட்டில் இருக்கும் பக்கங்களோ கொஞ்சம். ஆகவே வெகுநேரம் நடமாட்டமே இல்லாத பெயர்களை அடித்துவிடுகிறார். அடித்ததை யாரிடமும் சொல்வதில்லை.

அந்த நோட்டு, ஃபயர்வாலின் இணைப்பு அட்டவணை. பேசாமல் கிடக்கும் இணைப்பை எவ்வளவு நேரம் அதில் வைத்திருப்பது என்பதற்கு ஒவ்வொரு கருவியிலும் ஒரு கெடு உண்டு. சிஸ்கோ ஏஎஸ்ஏ கருவியில் வேறு யாரும் மாற்றாவிட்டால் அது 1 மணி நேரம். மைக்ரோசாஃப்ட் அஷூர் மேகத்தின் லோட் பேலன்சரில் 4 நிமிடம். அமேசானின் நாட் கேட்வேயில் 350 விநாடி, அதாவது ஆறு நிமிடத்துக்கும் குறைவு. கெடு தாண்டியபின் அந்த இணைப்புக்குரிய பாக்கெட் ஒன்று வந்தால், "இது புதிதாகத் தொடங்கும் இணைப்பும் அல்ல, அட்டவணையில் இருக்கும் பழைய இணைப்பும் அல்ல" என்று முடிவுகட்டி அதைக் கீழே போட்டுவிடும். பெரும்பாலான ஃபயர்வால்கள் அனுப்பியவருக்கு ரீசெட் கூடத் தருவதில்லை. முன்பின் தெரியாத பாக்கெட்டுக்குப் பதில் சொன்னால், வெளியிலிருந்து துழாவிப் பார்க்கும் ஆளுக்கு இங்கே ஒரு கருவி இருக்கிறது என்று நாமே காட்டிக்கொடுத்தது போலாகும் என்பது பாதுகாப்புத் துறையினரின் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் 1981 ஆவணத்தின் மருந்து அந்த இடத்தில் வேலை செய்யாமல் போய்விடுகிறது.

ஓர் இரவை மணிவாரியாகப் பார்த்தால் இது தெளிவாகும். ஒரு ஜாவா செயலி, ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், இரண்டும் லினக்ஸ் சர்வர்களில், நடுவே 1 மணி நேரக் கெடு வைத்த ஃபயர்வால். மாதக் கணக்குகளைத் தொகுத்து ஓர் அட்டவணையில் எழுதும் வேலைக்கு 75 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம்.

இரவு 10 மணிக்குச் செயலி தன் கட்டளையை அனுப்புகிறது. டேட்டாபேஸ் சர்வர் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தருகிறது. அத்தோடு பேச்சு நின்றது. டேட்டாபேஸ் வட்டைக் கடைந்துகொண்டிருக்கிறது; செயலி பதிலுக்குக் காத்திருக்கிறது. இரண்டு பேரும் மும்முரமாக இருக்கிறார்கள், ஆனால் ஃபயர்வாலின் கண்ணில் இது ஒரு பாக்கெட் கூட ஓடாத சோம்பேறி இணைப்பு. 11 மணிக்கு அட்டவணையிலிருந்து அடித்துவிடுகிறது. 11.15க்கு வேலை முடிகிறது. எழுதியது நிரந்தரமாகச் சேமிக்கப்படுகிறது. "18 லட்சத்துச் சொச்சம் வரிகள் எழுதப்பட்டன" என்ற பதில் மொத்தமே 43 பைட். டேட்டாபேஸ் அதை இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிட்டு, தன் பதிவேட்டில் வேலை முடிந்தது என்று எழுதிக்கொள்கிறது. இயங்குதளம் அனுப்புகிறது. ஃபயர்வால் கீழே போடுகிறது.

ஒப்புகை வராததால் லினக்ஸ் மீண்டும் அனுப்புகிறது. முதலில் 0.2 விநாடி கழித்து, பிறகு 0.4, 0.8 என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே போகும். 2 நிமிடத்தைத் தொட்டதும் அதற்குமேல் கூட்டாது. 15 முறை முயன்று, சுமார் 924 விநாடிக்குப்பின் கைவிடும். ஆக 11.30 வாக்கில் டேட்டாபேஸ் சர்வரில் இணைப்பு இறக்கிறது. போஸ்ட்கிரெஸ் பதிவேட்டில் `could not receive data from client: Connection timed out` என்று ஒற்றை வரி விழும். அந்த வரியைப் படிக்கிறவர்களுக்கு, வாடிக்கையாளர் கணினி எங்கோ செத்துவிட்டது போலத் தோன்றும்.

செயலியின் பக்கம் என்ன நடக்கிறது? ஒன்றுமே நடப்பதில்லை. அது அனுப்ப வேண்டியதை எல்லாம் அனுப்பி ஒப்புகையும் வாங்கிவிட்டது. மீண்டும் அனுப்பிப் பார்க்க அதனிடம் எதுவும் இல்லை. எனவே தோற்றுப்போகவும் வழியில்லை. போஸ்ட்கிரெஸின் ஜாவா இயக்கியில் பதிலுக்கான காத்திருப்பு வரம்பு `socketTimeout`, யாரும் மாற்றாவிட்டால், 0. அதற்குப் பொருள் வரம்பே இல்லை என்பது. காலையில் வந்து பார்த்தாலும் காத்திருக்கும். அடுத்த வாரம் வந்து பார்த்தாலும் காத்திருக்கும்.

இந்த ஏற்றத்தாழ்வுதான் கோளாறின் உயிர்நாடி. டிசிபியில் அனுப்புகிறவனுக்குத்தான் துண்டிப்பு தெரியவரும், அதுவும் கால் மணி நேரம் கழித்து. கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு என்றைக்குமே தெரியாது. சில மேகக் கருவிகள் கெடு தாண்டியபின் வரும் பாக்கெட்டுக்கு ரீசெட் தருவதுண்டு. அமேசானின் நாட் கேட்வே அந்த ரகம். அப்போதும் அந்த ரீசெட் அனுப்பிய முனைக்குத்தான் போகும். காத்திருக்கும் முனைக்கு அதே மௌனம்தான்.

கண்டுபிடிப்பது அவ்வளவு கடினமில்லை, இரண்டு சர்வர்களையும் ஒரே நேரத்தில் பார்க்கும் ஆள் கிடைத்தால். 11.15க்கும் 11.30க்கும் இடையே டேட்டாபேஸ் சர்வரில் `ss -tno` கட்டளையைக் கொடுத்தால் இப்படித் தெரியும்:

```
State Recv-Q Send-Q Local           Peer
ESTAB 0      43     10.20.0.15:5432 10.10.0.7:48122 timer:(on,48sec,9)
```

43 பைட் போய்ச்சேராமல் கிடக்கிறது; ஒன்பது முறை மறுபடி அனுப்பியாயிற்று; அடுத்த முயற்சி 48 விநாடியில். அதே நேரத்தில் செயலி சர்வரில்:

```
State Recv-Q Send-Q Local           Peer
ESTAB 0      0      10.10.0.7:48122 10.20.0.15:5432
```

காத்திருப்பதைக் காட்டும் டைமர் கூட இந்தப் பக்கம் இல்லை. 11.30க்குப் பிறகு டேட்டாபேஸ் சர்வரின் பட்டியலில் அந்த வரி மறைந்துவிடும்; செயலி சர்வரில் அப்படியே இருக்கும். ஒரு முனையில் ESTAB, மறுமுனையில் ஆளே இல்லை என்றால் அரைத்திறப்பு இணைப்பு என்று துணிந்து சொல்லிவிடலாம். ஃபயர்வாலின் பதிவேட்டிலும் தடயம் இருக்கும்: சிஸ்கோ ஏஎஸ்ஏ என்றால் `Deny TCP (no connection)`, செக் பாயிண்ட் என்றால் `First packet isn't SYN`. பழைய ஜாவாவில் ஓடும் செயலியின் த்ரெட் டம்ப்பை எடுத்தால் `socketRead0` என்ற வரியில் உறைந்துபோயிருக்கும். இந்தத் துறையில் சில ஆண்டுகள் இருந்தவர்கள் அந்தச் சொல்லைப் பார்த்தவுடனேயே ஃபயர்வால் கெடு எவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

மதிய உணவுக்குப் பிந்தைய தொங்கல் இதன் தம்பி. டேட்டாபேஸ் இணைப்புகளை ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்காமல், பத்து இருபதைத் திறந்துவைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் கனெக்‌ஷன் பூல் எல்லாச் செயலிகளிலும் இருக்கிறது. யாரும் தொடாமல் கிடந்த நேரத்தில் ஃபயர்வால் அவற்றை அடித்துவிடும். திரும்பி வந்தவர் பொத்தானை அழுத்தியதும் செயலி செத்த இணைப்பு ஒன்றில் கேள்வியை அனுப்புகிறது. இங்கே அனுப்புவது செயலி என்பதால் அதே கால் மணி நேரத்தில் பிழை வந்துவிடும். ஆனால் அவ்வளவு நேரம் எந்தப் பயனர் காத்திருப்பார்? ரீஸ்டார்ட் செய்தால் சரியாவது எல்லா இணைப்பும் புதிதாகத் திறக்கப்படுவதால்தான். ஜாவா உலகில் பரவலாக இருக்கும் ஹிகாரி போன்ற பூல்கள் இணைப்பைக் கொடுக்குமுன் உயிர் இருக்கிறதா என்று சோதிக்கின்றன. ஒவ்வோர் இணைப்புக்கும் அதிகபட்ச ஆயுளும் வைக்கின்றன. அந்த ஆயுளை ஃபயர்வால் கெடுவுக்குக் கீழே வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். ஆனால் ஏற்கெனவே ஒரு வேலைக்காக வெளியே போயிருக்கும் இணைப்பைப் பூல் தொடாது. ஆகவே 75 நிமிட இரவு வேலைக்கு அந்த வைத்தியம் பலிக்காது.

அதற்கு வேண்டியது, பேச எதுவும் இல்லாதபோதும் நடுநடுவே இருமிக் காட்டுவது. டிசிபியில் அதற்குக் கீப்-அலைவ் என்று பெயர். தரவே இல்லாத ஒரு சிறு பாக்கெட்டை ஒரு முனையின் இயங்குதளம் அனுப்பும். மறுமுனையின் இயங்குதளம் ஒப்புகை தரும். செயலிக்கும் தெரியாது, டேட்டாபேஸுக்கும் தெரியாது. ஆனால் நடுவில் இருக்கும் ஃபயர்வால் அதை நடமாட்டமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு கெடுவை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும்.

அப்படியொரு வசதி இருக்கும்போது ஏன் இத்தனை பாடு? 1989இல் வந்த ஆர்.எஃப்.சி. 1122தான் காரணம். கீப்-அலைவைச் சந்தேகத்தோடு பார்த்த ஆவணம் அது. நெட்வொர்க் சற்று நேரம் தடுமாறினால் நல்ல இணைப்பும் அநியாயமாக அறுந்துபோகும், அலைவரிசை வீணாகும், பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் வழிகளில் காசும் செலவாகும் என்று மூன்று ஆட்சேபணைகளை அது எழுதிவைத்தது. பாக்கெட்டுக்குக் காசு கொடுத்த காலம் அது! எனவே இந்த வசதி கேட்டால் மட்டுமே இயங்க வேண்டும், இயக்கினாலும் முதல் பாக்கெட் 2 மணி நேரத்துக்குக் குறையாத மௌனத்துக்குப் பிறகே போக வேண்டும் என்பது இயல்புநிலையாயிற்று. லினக்ஸில் இன்றும் அந்த எண் 7200 விநாடிதான். அதன்பின் 75 விநாடிக்கு ஒன்றாக 9 முறை முயன்று, மொத்தம் 2 மணி 11 நிமிடம் கழித்துத்தான் மறுமுனை இறந்ததாக அறிவிக்கும்.

2008இல் வந்த ஆர்.எஃப்.சி. 5382 இதைத் தெரிந்தே, நாட் கருவிகள் பேசாமல் இருக்கும் டிசிபி இணைப்பை 2 மணி 4 நிமிடத்துக்கு முன் மறக்கக் கூடாது என்றது. 2 மணி நேரம் கீப்-அலைவுக்கு, 4 நிமிடம் வழியில் இருக்கும் பாக்கெட்டுகளுக்கு. எல்லாரும் அதைப் பின்பற்றியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. 1 மணி நேரம், 4 நிமிடம், 350 விநாடி என்று கருவிகளுக்கு வைக்கப்பட்ட கெடுக்களை மேலே பார்த்தோம். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை இருமுகிறவனை 1 மணி நேரத்தில் மறந்துவிடுகிற கருவிக்கு அந்த இருமல் என்றுமே கேட்காது. போஸ்ட்கிரெஸ் சர்வர் தன் இணைப்புகளில் கீப்-அலைவை இயக்கித்தான் வைத்திருக்கிறது. இயங்குதளத்தின் 2 மணி நேரக் கணக்கை மாற்றாவிட்டால் அதனால் பயனில்லை.

ஆகவே எண்ணைக் குறைக்க வேண்டும். ரெட்ஷிஃப்ட் கையேடு லினக்ஸுக்குச் சொல்லும் தீர்வும் அதுவே: முதல் சோதனைக்கு 200 விநாடி, இடைவெளி 200 விநாடி, 5 முயற்சி. நம் இரவு வேலைக்கு, செயலி சர்வரில் இப்படி வைக்கலாம்:

```
net.ipv4.tcp_keepalive_time = 300
net.ipv4.tcp_keepalive_intvl = 30
net.ipv4.tcp_keepalive_probes = 4
```

இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இந்த எண்கள், கீப்-அலைவ் வேண்டும் என்று நிரலே கேட்டுத் திறந்த இணைப்புகளுக்கு மட்டும்தான் பொருந்தும். போஸ்ட்கிரெஸின் ஜாவா இயக்கி இயல்பாக அதைக் கேட்பதில்லை. இணைப்பு முகவரியில் `tcpKeepAlive=true` என்று சேர்க்க வேண்டும். செயலி கன்டெய்னருக்குள் ஓடினால் இன்னொரு பொறி: இந்த எண்கள் ஒவ்வொரு நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்கும் தனித்தனி. வெளியே இருக்கும் சர்வரில் 300 என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். உள்ளே 7200 அப்படியே இருக்கும். மாற்றம் பலித்ததா என்று ஊகிக்கவேண்டியதில்லை. கன்டெய்னருக்குள்ளிருந்து `ss -tno` கொடுத்து, அந்த வரியின் கடைசியில் `timer:(keepalive,...)` இருக்கிறதா, அதில் 5 நிமிடத்துக்கு உட்பட்ட நேரம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆரக்கிள் உலகில் இதே வேலையைச் சர்வர் பக்கத்திலிருந்து செய்ய, `sqlnet.ora` கோப்பில் `SQLNET.EXPIRE_TIME=10` என்று ஒரு வரி எழுதுவார்கள். அங்கே அலகு நிமிடம்.

இப்போது அதே இரவு. 10 மணிக்குக் கட்டளை போகிறது. 10.05க்கு ஒரு சோதனை பாக்கெட், ஒப்புகை, 10.10க்கு இன்னொன்று. 11 மணிக்கு அந்த இணைப்பு ஃபயர்வாலின் அட்டவணையில் பத்திரமாக இருக்கிறது. 11.15க்கு 43 பைட் வந்து சேர்கிறது.

ஃபயர்வால் கெடுவையே நீட்டினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். நீட்டலாம், அந்த டேட்டாபேஸ் வழிக்கு மட்டும் நீட்டுவது பல இடங்களில் நடக்கிறது. ஆனால் ஃபயர்வால் பழுதாகி அட்டவணையைப் பகிர்ந்துகொள்ளாத மாற்றுக் கருவிக்கு வேலை மாறினால், கெடு எவ்வளவு நீளமாக இருந்தாலும் எல்லா இணைப்புகளும் ஒரே கணத்தில் மறக்கப்பட்டுவிடும். கீப்-அலைவ் இருந்தால் அப்போதும் இணைப்பு பிழைக்காது, ஆனால் செயலிக்குச் சேதி தெரியும். மேலே வைத்த எண்களின்படி, மறுமுனை மௌனமான 7 நிமிடத்தில்: 300 விநாடி காத்திருந்து, 30 விநாடிக்கு ஒன்றாக 4 முயற்சி.

கீப்-அலைவுக்கும் ஓர் எல்லை உண்டு. அனுப்பிய தரவுக்கு ஒப்புகை வராமல் நிலுவையில் இருக்கும்போது கீப்-அலைவ் போகாது. மறுபடி அனுப்பும் டைமர்தான் ஆட்சி செய்யும், அதாவது அதே கால் மணி நேரம். அதைச் சுருக்க `TCP_USER_TIMEOUT` என்ற தனி ஏற்பாடு இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் 12ஆம் பதிப்பு முதல் `tcp_user_timeout` என்ற பெயரில் இதை வைக்கலாம்.

தொங்கிக்கொண்டிருக்கும் வேலையைக் காலையில் கொன்றுவிட்டு மறுபடி ஓட்டுவது எல்லாரும் செய்வது, இருப்பதிலேயே ஆபத்தானதும் அதுதான். நம் உதாரணத்தில் 11.15க்கே வரிகள் சேமிக்கப்பட்டுவிட்டன. இரண்டாம் முறை ஓட்டினால் மாதக் கணக்கு இரட்டிப்பாகும். அதே வேலை, பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டிய டிரான்சாக்‌ஷனின் நடுவில் நின்றிருந்தால் நிலைமை நேர்மாறு: 11.30க்கு இணைப்பு இறந்ததும் டேட்டாபேஸ் எல்லாவற்றையும் ரத்து செய்திருக்கும், அதுவரை பூட்டி வைத்திருந்த வரிகளைத் தொட வந்த மற்றவர்களும் நின்றிருப்பார்கள். செயலியின் திரையை மட்டும் பார்த்து எது நடந்தது என்று சொல்லவே முடியாது. இதனால் கவனமுள்ளவர்கள் கணக்கு வரிகளை எழுதும் அதே டிரான்சாக்‌ஷனுக்குள், "இந்த மாதத்துக்கான வேலை முடிந்தது" என்று வேறோர் அட்டவணையில் ஒரு வரியையும் சேர்த்து எழுதுகிறார்கள். மறுபடி ஓட்டும்போது நிரல் முதலில் அந்த வரி இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் எதையும் தொடாமல் வெளியே வந்துவிடும்.